உயரம் நெருங்கும், சாய்வு நெருங்காது

வரைபடத்தாளில் y = sin(1000x)/1000 என்ற வளைகோட்டை வரைவதாக வைத்துக்கொள்வோம். தாளில் 10 செ.மீ. நீளத்தை ஓர் அலகாகக் கொண்டால், இந்த வளைகோடு x அச்சிலிருந்து மேலேயோ கீழேயோ 0.1 மி.மீ.க்கு மேல் விலகாது. பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். எனவே வரைந்து முடித்ததும் தாளில் தெரிவது ஒரு நேர்கோடுதான். ஆனால் அந்த வளைகோடு அச்சை வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் அதன் சாய்வு +1 அல்லது −1. அதாவது 45 பாகை ஏற்றம், இல்லையென்றால் 45 பாகை இறக்கம். கண்ணுக்குக் கிடைமட்டமாகத் தெரியும் கோடு உண்மையில் செங்குத்தான மேடுபள்ளங்களால் ஆனது.

இரண்டு வளைகோடுகள் எல்லா இடத்திலும் ஒட்டிப்போனால் அவற்றின் சாய்வுகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். கல்லூரியில் பகுப்பாய்வுப் பாடம் படிப்பவர்கள் முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று. இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது, அதைச் சரிசெய்ய என்ன நிபந்தனை வேண்டும் என்று பார்ப்போம்.

பட்டைக்குள் அடங்குவது

ஒரு சார்புக்குப் பதிலாக, வரிசையாகப் பல சார்புகளை எடுத்துக்கொள்வோம். n = 1, 2, 3 என்று வளர வளர

fₙ(x) = sin(nx)/n

என்பது நம் வரிசை. முதல் சார்பு sin x. இரண்டாவது sin(2x)/2; அது இரு மடங்கு வேகமாக அலைகிறது, உயரமோ பாதி. நூறாவது சார்பு நூறு மடங்கு நெருக்கமான அலை. அதன் உயரம் 0.01. இந்த வரிசை எதை நோக்கிப் போகிறது? சைனின் மதிப்பு எப்போதும் −1க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே x எதுவாக இருந்தாலும் fₙ(x) பூஜ்யத்திலிருந்து 1/n தொலைவுக்கு மேல் விலகாது. n வளர்ந்தால் 1/n சுருங்கும். எல்லையில் கிடைப்பது f(x) = 0 என்ற நேர்கோடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வரிசைகளில் ஒரு புள்ளியில் நெருக்கம் சீக்கிரம் வரும், இன்னொரு புள்ளியில் தாமதமாக வரும். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ‘இதற்குப் பிறகு பிழை இவ்வளவுதான்’ என்று சொல்ல முடியாது. நம் வரிசையில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லைக்கோட்டைச் சுற்றி மேலும் கீழும் 0.001 அகலத்துக்கு ஒரு பட்டை வரையுங்கள். n ஆயிரத்தைத் தொட்டதும் முழு வளைகோடும் அந்தப் பட்டைக்குள் வந்துவிடும். அதன்பிறகு வரும் எந்த வளைகோடும் வெளியே போகாது. பட்டையை இன்னும் மெல்லியதாக்கினாலும் இதே கதைதான், n மட்டும் இன்னும் பெரிதாக வேண்டும். முழு வளைகோடும் ஒரே சமயத்தில் பட்டைக்குள் அடங்குவதைத்தான் கணிதத்தில் சீரான ஒருங்குதல் என்கிறார்கள்.

இது வலுவான பண்பு. தொடர்ச்சியான சார்புகள் சீராக ஒருங்கினால் எல்லைச் சார்பும் தொடர்ச்சியாகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் அவற்றைத் தொகையிட்டால், தொகைகளும் எல்லைச் சார்பின் தொகையை நோக்கிப் போகும். இவ்வளவு கொடுக்கும் பண்பு வகைக்கெழுவையும் கூடவே கொடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கொடுப்பதில்லை.

வகையிட்டுப் பார்த்தால்

sin(nx)/n என்பதை வகையிடுங்கள். சைன் கொசைனாகும், உள்ளே இருக்கும் nx காரணமாக முன்னால் ஒரு n வந்து சேரும், அது கீழே இருக்கும் nஐ அடித்துவிடும். மிஞ்சுவது

fₙ′(x) = cos(nx).

உயரத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த 1/n இப்போது இல்லை. எல்லைச் சார்பு பூஜ்யம் என்பதால் அதன் வகைக்கெழுவும் பூஜ்யம். cos(nx) பூஜ்யத்தை நோக்கிப் போகிறதா?

x = 1 என்ற புள்ளியில், கோணத்தை ரேடியனில் கொண்டு, n = 1 முதல் 6 வரை கணக்கிட்டால் 0.540, −0.416, −0.990, −0.654, 0.284, 0.960 என்று வருகிறது. மேலும் கீழுமாக அலைகிறதே தவிர எங்கும் நிலைகொள்ளவில்லை. x = π என்ற புள்ளியில் −1, 1, −1, 1 என்று மாறிமாறி வரும். x = 0 என்ற புள்ளியில் மட்டும் அமைதி; எல்லா n-க்கும் மதிப்பு 1. ஆனால் அங்கேயும் விடை தவறு. வகைக்கெழுக்களின் எல்லை 1, எல்லைச் சார்பின் வகைக்கெழுவோ 0. 2π-இன் மடங்குகளில் விடை இருக்கிறது, ஆனால் பிழையானது. மற்ற எந்தப் புள்ளியிலும் விடையே இல்லை.

இன்னும் மோசமான வரிசையும் உண்டு. sin(n²x)/n என்று எடுத்தால் இதுவும் 1/n வேகத்தில் சீராகப் பூஜ்யத்துக்குப் போகிறது. ஆனால் வகைக்கெழு n cos(n²x). x = 0-இல் அது n; அதாவது எல்லையின்றி வளர்கிறது. n = 100 என்னும்போது வளைகோட்டின் உயரம் 0.01, அதன் சாய்வு 100. வளைகோடு படுத்துக்கொண்டே போக, சாய்வு நிமிர்ந்துகொண்டே போகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு ரம்பத்தின் பற்களில் காணலாம். பல்லின் உயரத்தைப் பாதியாக்குங்கள்; கூடவே அதன் அகலத்தையும் பாதியாக்கி, பற்களின் எண்ணிக்கையை இரட்டியுங்கள். ரம்பத்தின் விளிம்பு தொலைவிலிருந்து பார்க்க முன்பைவிட நேராகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பல்லின் சரிவும் மாறவே இல்லை. சாய்வு என்பது உயரத்தை அகலத்தால் வகுத்தது. இரண்டும் சேர்ந்து சுருங்கினால் விகிதம் அப்படியே நிற்கும். சீரான ஒருங்குதல் உயரத்தை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. அகலத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஒரே கோவை, இரண்டு விடை

இதையே கணக்காகப் பார்த்தால் பிழை எங்கே நுழைகிறது என்று துல்லியமாகத் தெரியும். x = 0-இல் வகைக்கெழுவைக் காண, h தொலைவில் இன்னொரு புள்ளியை எடுத்து, உயர வித்தியாசத்தை hஆல் வகுக்கிறோம். நம் சார்புக்கு அந்த விகிதம்

sin(nh)/(nh).

இதில் nஉம் hஉம் தனித்தனியாக வரவில்லை. Nh என்ற பெருக்கலாக மட்டுமே வருகின்றன. ஒன்று பெரிதாகப் போகிறது, மற்றொன்று பூஜ்யத்துக்குப் போகிறது. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

n = 1000 என்று நிறுத்திவைத்து h = 0.0001 என்று எடுங்கள். nh = 0.1, விகிதம் ஏறக்குறைய 0.998. h இன்னும் சிறுத்தால் விகிதம் 1-ஐ எட்டும். இது fₙ-இன் வகைக்கெழு. அதே n-க்கு h = 0.1 என்று எடுத்தால் nh = 100; விகிதம் −0.005 அளவில், பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். hஐ நிறுத்திவைத்து nஐ மட்டும் வளர்த்தால் விகிதம் பூஜ்யத்துக்கே போகும். இது எல்லைச் சார்பின் வகைக்கெழு. முதலில் h, பிறகு n என்றால் விடை 1. முதலில் n, பிறகு h என்றால் விடை 0. வகைக்கெழுவே ஓர் எல்லை. ஒருங்குதல் இன்னோர் எல்லை. இரண்டு எல்லைகளின் வரிசையை விருப்பம்போல மாற்றலாம் என்று நினைத்ததுதான் பிழை.

பொதுவாகவும் இதைச் சொல்லலாம். ஒரு சார்பு எல்லைச் சார்பிலிருந்து ε அளவுக்கு மட்டுமே விலகுகிறது என்று நமக்குத் தெரிந்தால், இரு புள்ளிகளின் உயர வித்தியாசத்தில் 2ε வரை பிழை வரலாம். அதை hஆல் வகுக்கும்போது சாய்வில் வரக்கூடிய பிழை 2ε/h. ε எவ்வளவு சிறியதாக இருந்தாலும் h அதைவிட வேகமாகச் சிறுத்தால் இந்த எண் ஊதிப் பெருகும். தொகையிடும்போது இதற்கு நேர்மாறு: இடைவெளியின் நீளம் L என்றால் பிழை εLஐத் தாண்டாது. தொகையிடல் பிழையைப் பெருக்குவது ஒரு நிலையான நீளத்தால். வகையிடல் அதை வகுப்பதோ பூஜ்யத்துக்குப் போகும் ஓர் எண்ணால்.

என்ன கூடுதலாக வேண்டும்?

சார்புகள் சீராக ஒருங்குவது போதாது என்றால் எது போதும்? நிபந்தனையைச் சார்புகளின் மேல் வைக்காமல் வகைக்கெழுக்களின் மேல் வைக்க வேண்டும். தேற்றம் சொல்வது இது: ஒரு மூடிய இடைவெளியில் வகையிடத்தக்க சார்புகளின் வரிசை இருக்கிறது. அவற்றின் வகைக்கெழுக்கள் g என்ற சார்பை நோக்கிச் சீராக ஒருங்குகின்றன. கூடவே, இடைவெளியில் ஏதாவது ஒரு புள்ளியில் சார்புகளின் மதிப்புகள் ஒருங்குகின்றன. அப்படியானால் சார்புகள் இடைவெளி முழுவதும் சீராக ஒருங்கும். எல்லைச் சார்பு வகையிடத்தக்கதாக இருக்கும். அதன் வகைக்கெழு g-யேதான்.

வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை என்று எடுத்துக்கொண்டால் இதன் நிறுவல் இரண்டு வரி. a என்ற புள்ளியில் சார்பின் மதிப்பும், அங்கிருந்து x வரை அதன் வகைக்கெழுவும் தெரிந்தால் சார்பை மீட்டுவிடலாம்:

fₙ(x) = fₙ(a) + ∫ₐˣ fₙ′(t) dt.

இப்போது nஐ வளரவிடுங்கள். fₙ(a) ஓர் எண்ணை நோக்கிப் போகிறது. அதுதான் ஒரு புள்ளியில் கேட்ட நிபந்தனை. fₙ′ சீராக gஐ நோக்கிப் போவதால் தொகையும் g-இன் தொகையை நோக்கிப் போகிறது. ஆகவே எல்லைச் சார்பு என்பது ஒரு மாறிலியும் g-இன் தொகையும் சேர்ந்தது. அதை வகையிட்டால் g. ஆபத்தான வகையிடல் வழியை விட்டு, பாதுகாப்பான தொகையிடல் வழியில் எல்லையைக் கடந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை வகையிடுகிறோம். வகைக்கெழுக்கள் தொடர்ச்சியானவை என்று தெரியாதபோதும் தேற்றம் உண்மைதான். அப்போது தொகையிடலுக்குப் பதிலாகச் சராசரி மதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்தி நிறுவுவார்கள்.

நிபந்தனைகளில் எதையும் சும்மா விட்டுவிட முடியாது. fₙ(x) = n என்ற மாறிலிச் சார்புகளைப் பாருங்கள். எல்லாவற்றின் வகைக்கெழுவும் பூஜ்யம். வகைக்கெழுக்கள் சீராக ஒருங்குகின்றன. ஆனால் சார்புகளோ மேலே மேலே போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் கட்டிப்போட ஒரு புள்ளி வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு புள்ளி நிபந்தனை.

வகைக்கெழுக்கள் ஒருங்கினால் போதாதா, ‘சீராக’ என்பது எதற்கு என்றும் கேட்கலாம். x/(1 + n²x²) என்ற வரிசை அதற்குப் பதில் சொல்கிறது. இதன் உச்ச உயரம் 1/(2n); எனவே சார்புகள் சீராகப் பூஜ்யத்துக்குப் போகின்றன. வகைக்கெழுக்களும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்குகின்றன: x = 0-இல் 1 ஆகவும், மற்ற எல்லாப் புள்ளிகளிலும் 0 ஆகவும். எங்கும் அலைபாய்வு இல்லை, எல்லாப் புள்ளியிலும் விடை இருக்கிறது. ஆனாலும் x = 0-இல் விடை தவறு; எல்லைச் சார்பான பூஜ்யத்தின் சாய்வு அங்கே 0, 1 அல்ல. புள்ளிபுள்ளியாக ஒருங்குவது போதாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

அதே சமயம், நிபந்தனை பொய்த்தால் முடிவும் பொய்த்தே தீர வேண்டும் என்பதில்லை. 0 முதல் 1 வரை, 1ஐச் சேர்க்காமல், xⁿ⁺¹/(n+1) என்ற வரிசையை எடுத்தால் அதன் வகைக்கெழு xⁿ பூஜ்யத்துக்குப் போகிறது, ஆனால் சீராக அல்ல. இருந்தும் விடை சரியாகவே அமைகிறது. தேற்றம் பாதுகாப்பு தருகிறது. அதற்கு வெளியே ஒவ்வொரு வழக்கையும் தனியாக விசாரிக்க வேண்டும்.

ஆபெல் சுட்டிக்காட்டிய தொடர்

இந்தச் சிக்கல் பாடப்புத்தகத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. 1826 ஜனவரியில், 23 வயது நார்வே கணிதவியலாளர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் பெர்லினிலிருந்து தம் முன்னாள் ஆசிரியர் ஹோல்ம்போவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முடிவிலித் தொடர்களைச் சாதாரணக் கூட்டல்போலக் கருதி, உறுப்பு உறுப்பாக வகையிடும் அக்காலப் பழக்கத்தை அதில் கேள்வி கேட்டார். அவர் எடுத்துக்காட்டிய தொடர் இது. X-இன் மதிப்பு −πக்கும் πக்கும் இடையில்:

x/2 = sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − …

இரு பக்கமும் வகையிட்டால் இடப்பக்கம் 1/2. வலப்பக்கம் cos x − cos 2x + cos 3x − … என்று வருகிறது. x = 0 என்று போட்டால் அது 1 − 1 + 1 − 1 + …; கூட்டிக்கொண்டே போனால் 1, 0, 1, 0 என்று மாறுகிறதே தவிர 1/2 ஒருபோதும் வருவதில்லை.

இங்கே நடப்பது நம் சைன் உதாரணத்தில் நடந்ததேதான். வகையிட்ட தொடரின் முதல் n உறுப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகை 1/2-இலிருந்து விலகும் அளவைச் சுருக்கமாக எழுதலாம். குறியை விட்டுவிட்டால் அது

cos((n + ½)x) / (2 cos(x/2)).

இதில் n வளர்வதால் சுருங்கும் பகுதி எதுவும் இல்லை. அலை நெருக்கமாகிறது; உயரம் அப்படியே நிற்கிறது. ஆனால் மூலத் தொடரில் பிழை 1/n அளவில் சுருங்குகிறது. −1 முதல் 1 வரை போன்ற, முனைகளைத் தொடாத இடைவெளியில் மூலத் தொடர் சீராகவே ஒருங்குகிறது, வகையிட்டதும் உடைகிறது.

எப்போது உடையாது என்பதைக் கெழுக்களே சொல்லும். sin(nx)/n³ என்ற உறுப்புகளைக் கூட்டினால், வகையிட்டபின் உறுப்புகள் cos(nx)/n². ஒவ்வோர் உறுப்பும் 1/n²க்கு மேல் போகாது. 1/n²களின் முழுக் கூட்டுத்தொகை π²/6, முடிவுள்ள எண். ஆகவே வகையிட்ட தொடர் சீராக ஒருங்குகிறது. உறுப்பு உறுப்பாக வகையிடலாம். இப்படி உறுப்புகளை எண்களால் மேலிருந்து கட்டும் சோதனை கார்ல் வயர்ஸ்ட்ராஸின் பெயரால் அழைக்கப்படுகிறது.

அதே வயர்ஸ்ட்ராஸ் 1872-இல் பெர்லின் அறிவியல் கழகத்தில், aⁿ cos(bⁿπx) என்ற உறுப்புகளைக் கூட்டி ஒரு சார்பைக் காட்டினார். a = 1/2, b = 13 என்பது அவர் விதித்த நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு தேர்வு. n = 10 என்ற உறுப்பின் உயரம் 1/1024 மட்டுமே; அதன் உச்சச் சாய்வோ சுமார் 42 கோடி. உயரங்கள் வேகமாகச் சுருங்குவதால் தொடர் சீராக ஒருங்கி, எங்கும் அறுபடாத வளைகோட்டைத் தருகிறது. ஆனால் அந்த வளைகோட்டுக்கு எந்தப் புள்ளியிலும் வகைக்கெழு இல்லை. கூட்டிய ஒவ்வோர் உறுப்பும் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்கது; கூட்டுத்தொகை ஒருமுறைகூட வகையிட முடியாதது.

அளவீட்டில் இதே கதை

கருவிகளோடு வேலை செய்பவர்கள் இதைத் தேற்றமாகப் படிக்காமலே அறிவார்கள். நகரும் ஒரு பாகத்தின் இடத்தை உணரி பதிவு செய்கிறது. அதில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 1 மி.மீ. வீச்சில் கலந்திருக்கிறது என்று கொள்வோம். இடத்தை அறிவதற்கு 1 மி.மீ. பிழை பொருட்டே அல்ல. ஆனால் அந்தப் பதிவை வகையிட்டு வேகம் கண்டால், இரைச்சல் 2π × 50 மடங்கு பெருகி, வினாடிக்கு 314 மி.மீ. பிழையாக நிற்கும். இதனால்தான் வேகம் கணக்கிடும் முன் பொறியாளர்கள் வேகமான அலைகளை வடிகட்டுகிறார்கள்.

வடிகட்டுவதால் என்ன கிடைக்கிறது என்பதற்கும் கணிதத்தில் துல்லியமான விடை உண்டு. சைன், கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையில் மிக வேகமான அலை nx-க்கு மேல் போகவில்லை என்றால், அதன் சாய்வு அதன் உயரத்தைப்போல் n மடங்கைத் தாண்டாது. இது பெர்ன்ஸ்டைன் சமனின்மை. அந்த n-க்கு ஒரு நிலையான வரம்பு இருந்தால், உயரப் பிழை பூஜ்யத்துக்குப் போகும்போது சாய்வுப் பிழையும் போயே ஆக வேண்டும். நம் sin(nx)/n வரிசையில் வரம்பில்லாமல் வளர்ந்தது அந்த n-தான். வடிகட்டி அந்த வரம்பைக் கையால் போடுகிறது. தேற்றம் அதே உத்தரவாதத்தை வகைக்கெழுக்களிடமே நேராகக் கேட்கிறது. உயரங்கள் நெருங்குகின்றன என்ற செய்தியிலிருந்து மட்டும் அந்த உத்தரவாதத்தை எப்படிக் கணக்குப்போட்டும் பெற முடியாது. அது தனியாக வந்து சேர வேண்டும்.